வாங்கியது மென்பொருளா, அனுமதியா?

நாகர்கோவில் வடசேரியில் சிறு அச்சகம் ஒன்றை நடத்திவரும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு சிக்கலோடு வந்தார். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் வணிகர் ஒருவருக்கு அவர் புட்டிகளில் ஒட்டும் பெயர்த்தாளை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறார். வணிகருக்கு அது பிடித்துவிட்டது. பணத்தையும் கொடுத்துவிட்டு, "அந்த வடிவமைப்புக் கோப்பு, அதிலுள்ள எழுத்துரு, அதைத் திறக்கும் மென்பொருள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுத் தாருங்கள். விலையையும் தேதியையும் நானே மாற்றிக்கொள்கிறேன்" என்று கேட்டிருக்கிறார். கொடுக்கலாமா என்பதே மாணவரின் கேள்வி. அதோடு ஒரு வாதத்தையும் அவர் கையோடு கொண்டுவந்திருந்தார்: "காசு கொடுத்து வாங்கியது சார். அப்புறம் அது என்னுடையதுதானே?"

பொருளியல் கற்பித்த எனக்கு இந்த வாதம் புதிதன்று. ஆனால், மென்பொருளைப் பொருத்தவரை 'வாங்கினேன்' என்ற சொல்லே தடுமாற வைக்கிறது. எனவே, அவருடைய அச்சகத்துக்கே சென்று, அங்குள்ள நான்கு கணினிகளையும் ஒரு மடிக்கணினியையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு முழு மாலைப் பொழுதைச் செலவிட்டோம். அதில் தெளிந்தவற்றை இங்கே எழுதுவது, அதே நிலையிலுள்ள மற்ற சிறு வணிகர்களுக்கும் உதவும் என்று கருதுகிறேன்.

முதலில், வாங்கியது எது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. புத்தகக் கடையில் ஒரு நாவலை விலைக்கு வாங்குபவர் அந்தப் புத்தகத்துக்கு உரிமையாளர் ஆகிறார். நாவலை அச்சிட்டு விற்கும் உரிமை அவருக்கு வந்துவிடுவதில்லை. மென்பொருளில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. ஏனெனில், மென்பொருளைக் கணினியில் நிறுவுவதே ஒரு படி எடுக்கும் செயல்தான். ஆகவே, அதைப் பயன்படுத்தத் தொடங்கவே உரிமையாளரின் அனுமதி வேண்டியிருக்கிறது. அந்த அனுமதிச் சீட்டுதான், நாம் படிக்காமலேயே 'ஏற்கிறேன்' என்று சொடுக்கிவிடும் உரிம ஒப்பந்தம்.

2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் 'எஞ்சினியரிங் அனாலிசிஸ்' வழக்கில் அளித்த தீர்ப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. அது வருமான வரி தொடர்பான வழக்கு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகக் கொடுக்கும் பணம், பதிப்புரிமைக்கான உரிமைத் தொகையா, சரக்கின் விலையா என்பதே கேள்வி. பயனர் ஒப்பந்தத்தின் மூலம் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. பதிப்புரிமையின் எந்தப் பகுதியும் கைமாறுவதில்லை என்று நீதிமன்றம் கூறியது. வரித் துறைக்கு எதிராக வந்த தீர்ப்பு என்றாலும், அச்சக உரிமையாளரின் "என்னுடையதுதானே" என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதைப் புரியவைக்கப் பாட்டத்தைவிட நல்ல உவமை கிடையாது. தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு எடுத்தவர் காய் வெட்டிக்கொள்ளலாம்; மரத்தை வெட்ட முடியாது. உடையவரைக் கேட்காமல் வேறொருவருக்கு மேற்பாட்டம் விடவும் முடியாது. பணம் கொடுத்தோம் என்பது உண்மைதான். ஆனால், எதற்காகக் கொடுத்தோம் என்பதைப் பாட்டச் சீட்டு சொல்கிறது.

இங்கே மாணவர் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டார். "தோப்பில் காயை எடுத்தால் அடுத்தவருக்கு இல்லாமல் போகும். மென்பொருளைப் படி எடுத்தால் யாருக்கு என்ன குறைகிறது?" உண்மை. இன்னொரு படிக்கு ஆகும் செலவு ஏறக்குறைய சுழியம். செலவு முழுவதும் முதல் படியை உருவாக்குவதில் இருக்கிறது. ஒப்பந்தத்தின் மூன்று தடைகளும், அதாவது எத்தனை படிகள், வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா என்பவை, இந்த ஒரு காரணத்திலிருந்து முளைத்தவையே.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மென்பொருளை உருவாக்க ஒரு கோடியே 20 லட்சம் ரூபாய் ஆகிறது. அதற்கு 10,000 ரூபாய் வரை கொடுக்கக்கூடிய வணிகர்கள் 1,000 பேர் இருக்கிறார்கள். 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க இயலாத மாணவர்கள் 10,000 பேர் இருக்கிறார்கள். விலையை 10,000 ரூபாய் என்று வைத்தால் வணிகர்கள் மட்டும் வாங்குவார்கள்; வரவு ஒரு கோடி. விலையை 500 என்று வைத்தால் 11,000 பேரும் வாங்குவார்கள். ஆனால், வரவு 55 லட்சம்தான். இரண்டிலும் நஷ்டம். வணிகருக்கு 10,000, மாணவருக்கு 500 என்று இரண்டு விலை வைத்தால் வரவு ஒன்றரைக் கோடி. அப்போதுதான் அந்த மென்பொருளை உருவாக்குவது கட்டுப்படியாகும். மாணவருக்கும் அது கிடைக்கும். பொருளியலில் இதை விலைப் பாகுபாடு என்போம்.

இதைத் தேநீர்க் கடைக்காரர் எவரும் அறிவார். வீட்டுக்குரிய சமையல் எரிவாயு உருளை 14.2 கிலோ, கடைக்குரியது 19 கிலோ. உள்ளே இருக்கும் வாயு ஒன்றுதான். விலையும் விதியும் வேறு. வீட்டு உருளையைக் கடையில் வைத்தால் அது குற்றம். மென்பொருள் நிறுவனத்துக்கும் இதே கவலைதான். 500 ரூபாய் கொடுத்தவர் அதைக் கடைக்கு எடுத்துச் சென்றால் இரட்டை விலை குலைந்துபோகும். அதனால்தான் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற தடை. ஒரு படியை வாங்கிப் பத்துக் கணினிகளில் போட்டால் கணக்கு தவறும். அதற்குத்தான் படிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு. மலிவாக வாங்கியவர் பிறருக்குக் கொடுக்கவோ விற்கவோ தொடங்கினால் எல்லாமே ஒழுகிவிடும். அதற்குத்தான் மறுவழங்கலுக்குத் தடை. முதல் தடை ஆட்களைப் பிரிக்கிறது, இரண்டாவது எண்ணுகிறது, மூன்றாவது ஓட்டையை அடைக்கிறது.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. அமெரிக்காவில் 1996-இல் தீர்ப்பான புரோசிடி வழக்கு இதை அப்படியே பேசுகிறது. அந்த நிறுவனம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொலைபேசிக் கையேடுகளிலிருந்து தகவல்களைத் திரட்டி, ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, குறுந்தகடாக வெளியிட்டது. பொதுமக்களுக்கு விலை சுமார் 150 டாலர். வணிகர்களுக்கு அதைவிட அதிகம். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் மேத்யூ சைடன்பெர்க் என்பவர் பொதுமக்களுக்கான பெட்டியை வாங்கி, அதிலிருந்த தகவல்களை இணையம் வழியாகக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினார். தொலைபேசி எண்களுக்குப் பதிப்புரிமை இல்லையே என்பது அவர் வாதம். பெட்டிக்குள் இருந்த ஒப்பந்தம் வணிகப் பயன்பாட்டைத் தடுத்திருந்தது. கீழமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் நீதிபதி ஈஸ்டர்புரூக், ஒப்பந்தம் செல்லும் என்றார். ஏற்க விருப்பமில்லையென்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்பது ஒரு காரணம். வணிகர் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள முடியுமானால் நிறுவனம் எல்லோருக்கும் விலையை உயர்த்திவிடும், அப்போது வீட்டுப் பயனர்தான் இழப்பார் என்பது அவர் விளக்கிய பொருளியல். அமெரிக்கத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால், ஒப்பந்தம் ஏன் அப்படி எழுதப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி அச்சகத்துக்கு வருவோம்.

முதலில் படிகளை எண்ணினோம். அச்சகத்தின் முதன்மையான வடிவமைப்பு மென்பொருளுக்கு ஒரே ஒரு உரிமம் பில்லோடு இருந்தது. நிறுவப்பட்டிருந்ததோ நான்கு கணினிகளில். "ஒரு நேரத்தில் ஒருவர்தான் சார் வேலை செய்வார்" என்றார் மாணவர். சில ஒப்பந்தங்கள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும். பல ஒப்பந்தங்கள் எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டிருக்கிறது என்றே எண்ணும். அவருடையது இரண்டாவது வகை. எந்த வகை என்பதை ஒப்பந்தத்தில் 'நிறுவுதலும் பயன்பாடும்' என்ற தலைப்பின் கீழ் முதல் இரண்டு பத்திகளிலேயே பெரும்பாலும் கண்டுவிடலாம். முப்பது பக்கத்தையும் படிக்கத் தேவையில்லை.

அப்படியானால், காப்புப் படி எடுத்து வைத்துக்கொள்ளவும் கூடாதா? கூடும். இதைச் சட்டமே அனுமதிக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவின்படி, முறையாக ஒரு படியை வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்காகப் படி எடுக்கலாம். இழப்போ சேதமோ நேர்ந்தால் உதவுவதற்காகத் தற்காலிகப் பாதுகாப்புப் படியும் எடுக்கலாம். அலமாரியில் பூட்டி வைத்த வன்தட்டில் இருப்பது காப்புப் படி. பக்கத்து மேசைக் கணினியில் நாள்தோறும் வேலை செய்துகொண்டிருப்பது காப்புப் படி ஆகாது.

அடுத்து விண்டோஸ். நான்கு கணினிகளில் இரண்டு, விண்டோஸுடன் சேர்த்தே வாங்கப்பட்டவை. மூன்றாவதுக்கு உள்ளூர்க் கடையொன்றில் தனியாக வாங்கியதற்குப் பில் உண்டு. நான்காவதைச் சேர்த்துக் கொடுத்தவர் "எல்லாம் போட்டுத்தான் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். இத்தகைய இடத்தில் உரிமத்தின் வகையைக் கணினியிடமே கேட்கலாம். கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டச்சு செய்தால் போதும்:

```
slmgr /dli
```

சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் Description என்ற வரியைப் பாருங்கள். OEM என்று இருந்தால், அந்த உரிமம் கணினியோடு சேர்ந்து வந்தது. அந்தக் கணினியோடே முடியும். பழைய கணினியை எடைக்குப் போட்டுவிட்டு உரிமத்தை மட்டும் புதியதற்கு மாற்ற முடியாது. RETAIL என்றால் தனியாக வாங்கியது; பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். VOLUME என்று தொடங்கினால் அது நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் உரிமம். குறிப்பாக VOLUME_KMSCLIENT என்று வந்தால் கவனம் தேவை. இந்த வகைக் கணினிகள், வாங்கிய நிறுவனத்தின் சொந்தச் சேவையகத்தோடு தொடர்புகொண்டு 180 நாளைக்குள் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். வடசேரியில் தனியாக நிற்கும் ஒரு கணினிக்கு அப்படிப்பட்ட சேவையகம் ஏது? எங்கோ பூட்டு உடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நான்காவது கணினி அதைத்தான் காட்டியது. மாணவருக்கு வியர்த்துவிட்டது. அவர் பணம் கொடுக்காதவர் அல்லர். கொடுத்த பணம் உரிமையாளரிடம் போய்ச் சேரவில்லை.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் சாவி எண்கள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஏதோ ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக வாங்கிய உரிமத்தின் சாவி கசிந்து, சில்லறையாக விற்கப்படுகிறது. எண்ணைப் போட்டதும் கணினி ஏற்றுக்கொள்ளும். ஆனால், கணினி ஏற்றுக்கொள்வது வேறு, உரிமம் இருப்பது வேறு. வின்ரார் என்ற சுருக்கும் மென்பொருளைப் பயன்படுத்தாதவர் குறைவு. அதன் சோதனைக் காலம் 40 நாள். அதற்குப் பிறகு ஒன்று வாங்க வேண்டும், அல்லது நீக்கிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆனால், 41-ஆம் நாளும் அது திறக்கும். ஆண்டுக்கணக்கில் திறந்துகொண்டே இருக்கும். கதவு திறந்து கிடக்கிறது என்பதற்காக வீடு நம்முடையதாகிவிடாது.

பிறகு மடிக்கணினி. பில் போடுவதும், விலைப்புள்ளிக் கடிதம் எழுதுவதும், ஜி.எஸ்.டி. கணக்கைச் சரிபார்ப்பதும் அதில்தான். வாங்கும்போதே அலுவலக மென்பொருள் 'வாழ்நாள் முழுவதும்' உண்டு என்று கடையில் சொன்னார்களாம். அது உண்மைதான். ஆனால், கோப்புப் பட்டியில் 'அக்கவுன்ட்' என்பதைத் திறந்து பார்த்தபோது, பெயர் Office Home and Student 2021 என்று இருந்தது. பெயரிலேயே விடை இருக்கிறது: வீடும் மாணவரும். அதன் ஒப்பந்தம் வணிகச் செயல்களுக்கும் வருவாய் ஈட்டும் செயல்களுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதோடு நிற்காமல் லாப நோக்கற்ற அமைப்புகளின் செயல்களையும் விலக்குகிறது. கோயில் திருப்பணிக் குழுவின் வரவு செலவையோ, ஊர் நூலகச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையோ இதில் வைத்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். எனக்கும் வியப்பாகவே இருந்தது; நான் செயலராக இருக்கும் ஒரு சிறு சங்கத்தின் கணக்கு என் மகனின் மடிக்கணினியில், அதே மென்பொருளில்தான் இருந்தது.

'வணிகப் பயன்பாடு' என்பதன் பொருள் குறித்தே வணிகர்கள் பெரிதும் தவறுகிறார்கள். மென்பொருளை விற்றால்தான் வணிகம் என்று மாணவர் நினைத்திருந்தார். அப்படியன்று. அந்த மென்பொருளைக்கொண்டு செய்யும் வேலை, உங்கள் தொழிலுக்காகவா என்பதே கேள்வி. ஒரு பில் போட்டாலும் அது தொழிலுக்கானதே. அதே மடிக்கணினியில் அவர் மகள் கல்லூரிக்குரிய கட்டுரையை எழுதினால் அது ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. கணினி ஒன்று, மென்பொருள் ஒன்று. இரவு எட்டு மணிக்கு அனுமதி உண்டு, காலை பத்து மணிக்கு இல்லை.

சட்டத்தின் பார்வையில் இந்த இரண்டு தவறுகளும் ஒரே எடை கொண்டவையா? இல்லை என்றே நான் கருதுகிறேன். மூன்று கூடுதல் கணினிகளில் நிறுவியது, அனுமதியில்லாத படி. அது பதிப்புரிமை மீறல். அறிந்தே அத்தகைய படியைக் கணினியில் பயன்படுத்துபவருக்குச் சட்டத்தின் 63பி பிரிவு குறைந்தது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாயத்துக்காகவோ தொழில் நடைமுறையிலோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடலாம். அச்சகத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது. வீட்டுக்குரிய, முறையாக வாங்கிய ஒரே படியைக் கடை வேலைக்குப் பயன்படுத்தியதோ, பெரும்பாலும் ஒப்பந்த மீறலாகவே பார்க்கப்படும். இழப்பீடு கேட்கலாம், உரிமத்தை ரத்து செய்யலாம். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞர் சொல்வதே முடிவு. ஆனால், எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று தீர்மானிக்க இந்த வேறுபாடு உதவியது.

'அறிந்தே' என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் சற்று நிம்மதியடைந்தார். அந்த நிம்மதி அன்று மாலை வரைதான் செல்லும் என்றேன். அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு அவர் அறியாதவர் அல்லர்.

கடைசியாகத் தேன் வணிகரின் பென் டிரைவ். அவர் கேட்டது மூன்று: வடிவமைப்பு, எழுத்துரு, மென்பொருள். மூன்றுக்கும் விடை வேறு வேறு.

வடிவமைப்பு மாணவரின் உழைப்பு. எந்த மென்பொருளில் வரைந்தாலும் வரைந்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பேசிக்கொண்டபடி அதைக் கொடுக்கலாம். அரிவாள் செய்த கொல்லர், அறுவடையில் பங்கு கேட்பதில்லை. சில மாணவர் பதிப்புகளும் சோதனைப் பதிப்புகளும் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் உருவாக்கியதை விற்கக் கூடாது என்ற வரி இருக்கக்கூடும்.

மென்பொருளைக் கொடுக்க இயலாது. நிறுவும் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பதே மறுவழங்கல். இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கும் மென்பொருளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். நீங்கள் பதிவிறக்கிக்கொள்ள அனுமதி உண்டு என்பதால், நீங்கள் அடுத்தவருக்கு வழங்கவும் அனுமதி உண்டு என்று ஆகாது. கோப்பைக் கொடுக்காமல் முகவரியைக் கொடுப்பதுதான் பாதுகாப்பான வழி. லிப்ரே ஆபிஸ், இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் நிலை வேறு. அவற்றை எத்தனை கணினியிலும் நிறுவலாம், தொழிலுக்குப் பயன்படுத்தலாம், படி எடுத்துக் கொடுக்கலாம், விலைக்குக்கூட விற்கலாம். ஆனால், கொடுக்கும்போது உரிமத்தையும் உடன் கொடுக்க வேண்டும். மூல நிரல் பெறும் வழியையும் மறைக்கக் கூடாது. இங்க்ஸ்கேப்பின் ஜி.பி.எல். உரிமம் பயன்படுத்துபவரிடம் எதையும் கேட்பதில்லை. பிறருக்கு வழங்குபவரிடம் மட்டுமே கேட்கிறது.

எழுத்துருதான் அச்சகத்தாருக்கு அதிகம் வழுக்கும் இடம். எழுத்துருவை மை போல நினைக்கிறோம். ஆனால், எழுத்துருக் கோப்பும் மென்பொருளாகவே உரிமம் இட்டு வழங்கப்படுகிறது. தேன் பெயர்த்தாளில் இரண்டு எழுத்துருக்கள் இருந்தன. ஒன்று நோட்டோ சான்ஸ் தமிழ். அதோடு வந்த OFL.txt என்ற கோப்பைத் திறந்தோம். எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமம் அது. வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், படி எடுக்கலாம், பிறருக்கு வழங்கலாம், மென்பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. வழங்கும்போது பதிப்புரிமைக் குறிப்பும் உரிமமும் கூடவே போக வேண்டும். அந்த எழுத்துருவால் உருவாக்கிய ஆவணத்துக்கு இந்த நிபந்தனை எதுவும் ஒட்டாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே, இதைத் தாராளமாகக் கொடுக்கலாம், OFL.txt கோப்போடு.

இரண்டாவது, தேனின் பெயரை வளைத்து எழுதியிருந்த ஓர் அலங்கார எழுத்துரு. எங்கிருந்தோ பதிவிறக்கியது. கூடவே இருந்த சிறு உரைக்கோப்பில் Free for personal use என்று ஒரே வரி. இலவசம் என்ற முதல் சொல்லோடு மாணவர் நிறுத்திக்கொண்டிருக்கிறார். விற்பனைக்கு வரும் புட்டியின் மேல் அது சொந்தப் பயன்பாடு ஆகாது. அந்த எழுத்துருவைப் பென் டிரைவில் கொடுப்பது இருக்கட்டும், பெயர்த்தாளில் பயன்படுத்தியதே அனுமதியில்லாதது. எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிட்டால் போயிற்று என்பது அச்சகங்களில் உலவும் ஒரு நம்பிக்கை. கோரல் டிராவில் Ctrl+Q அழுத்தினால் எழுத்து வெறும் கோடாகிவிடும். வாங்குபவருக்கு எழுத்துருக் கோப்பு தேவைப்படாது. இது மறுவழங்கல் சிக்கலைத் தீர்க்கும். வணிகப் பயன்பாட்டுச் சிக்கலைத் தீர்க்காது. எழுத்துரு அங்கே பயன்பட்டுவிட்டதே.

அன்றிரவு முடிவு செய்தவை இவை. வடிவமைப்பு மென்பொருளை ஒரு கணினியில் வைத்துக்கொண்டு மற்ற மூன்றிலிருந்தும் நீக்கினார். அந்த மூன்றிலும் தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் லிப்ரே ஆபிஸில். மடிக்கணினியின் பில் வேலையும் அதற்கே மாறியது. முதல் வாரம் பத்தி அமைப்புகள் கலைந்து பணியாளர் சலித்துக்கொண்டார் என்று கேள்வி. நான்காவது கணினிக்கு முறையான விண்டோஸ் உரிமம் வாங்கினார். செலவு என்று இருந்தது அது ஒன்றுதான். திருமணப் பருவத்தில் வேலை கூடினால் வடிவமைப்பு மென்பொருளுக்கு இன்னோர் உரிமம் வாங்கலாமா என்று பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அலங்கார எழுத்துருவை உருவாக்கியவருக்கு வணிக உரிமம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார், பதில் வரவில்லை. பதில் இல்லாமை அனுமதி ஆகாது. எனவே, திறந்த உரிமத்தில் கிடைக்கும் காட்டமரன் என்ற எழுத்துருவில் பெயரை மறுபடி அமைத்தார். தேன் வணிகருக்குப் போன பென் டிரைவில் புதிய வடிவமைப்பு, அதன் பி.டி.எஃப். கோப்பு, இரண்டு எழுத்துருக்கள், அவற்றின் உரிமக் கோப்புகள், இங்க்ஸ்கேப்பின் இணைய முகவரி எழுதிய ஒரு குறிப்பு ஆகியவை இருந்தன.

அவர் மேசையின் கீழ் இழுப்பறையில் பழைய குறுந்தகடுகள் இன்னும் இருக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யார் யாரோ கொடுத்த, உரிமக் கோப்பே இல்லாத தமிழ் எழுத்துருக்கள். உரிமம் காணவில்லை என்றால் சட்டத்தின் பார்வையில் அது பொதுச்சொத்து அன்று, அனுமதி பெறாத சொத்து. ஆனால், பழைய அழைப்பிதழ்கள் அத்தனையும் அவற்றில்தான் இருக்கின்றன. ஒருங்குறிக்கு முந்திய குறிமுறை என்பதால் வேறு எழுத்துருவில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பழைய வாடிக்கையாளர் எவரேனும் மறு அச்சு கேட்டு வரும்போது மட்டும், அந்த ஒரு கோப்பை ஒருங்குறிக்கு மாற்றி, திறந்த எழுத்துருவில் அமைத்துவிடுகிறார்.